வரேலாது எண்டு எழுதிற மெயிலை அனுப்ப முதல் எப்பிடிப் பிழை பாக்கிறது நல்லது

ஒரே நாளிலை ரெண்டு கூட்டம் விழுறது வன்னியிலை புதினமில்லை, அதுவும் செப்ரெம்பர் வந்திட்டால் காலபோக அலுவல் தொடங்கியிடும், குளத்துத் தண்ணி எப்ப திறக்கிறது, எத்தினை ஏக்கர் விதைக்கிறது, மாடுகளை எந்தத் திகதிக்கு முதல் அப்புறப்படுத்திறது எண்டு முடிவெடுக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டம் வரும், அதே கிழமைதான் யாழ்ப்பாணத்திலையோ கொழும்பிலையோ இருக்கிற ஒரு ஒஃபிஸ் தங்கடை கலந்துரையாடலுக்கு மெயில் போடும். ரெண்டிலை ஒண்டை விடத்தான் வேணும். விடுற கூட்டத்துக்கு ஒரு பதில் மெயில் எழுதுறம். ஏழெட்டு வரிதான் எண்டபடியால் எழுதின கையோடை அனுப்பிற ஆக்கள்தான் கன பேர். ஆனால் இந்த மெயிலுக்கெண்டே வாற பிழையள் இருக்கு, அது எழுத்துப்பிழையை விட மோசமான சாதி. அதை எப்பிடிப் பாத்தால் பிடிபடும், எப்பிடிப் பாத்தால் தப்பிப் போகும் எண்டதைத்தான் இஞ்சை ஒப்பிட்டுப் பாக்கப்போறன்.

ஒரு மெயிலை முன்னுக்கு வைச்சுக்கொண்டு கதைச்சால்தான் விளங்கும். உதாரணத்துக்கு நான் எழுதினது இது. கிளிநொச்சிப் பக்கத்துக் கமக்கார அமைப்பொண்டின்ரை செயலாளர், யாழ்ப்பாணத்திலை நடக்கப்போற விதை உற்பத்திக் கலந்துரையாடலுக்கு வந்த அழைப்புக்குப் பதில் போடுறார் எண்டு வையுங்கோ. அழைப்பிலை இருக்கிற நாள் 2025 செப்ரெம்பர் 25, வியாழக்கிழமை.

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் அழைப்பு கிடைக்கப்பெற்றேன், மிக்க மகிழ்ச்சி. விதை உற்பத்தி தொடர்பான இக்கலந்துறையாடல் எமது பகுதி விவசாயிகளுக்கு மிகவும் பயனுள்ளதாக அமையும் என்பதில் ஐயமில்லை. எனினும் எதிர்வரும் 25.09.2025 வெள்ளிக்கிழமை காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடைபெறவுள்ளமையால் கூட்டத்தில் கலந்துகொள்ள முடியும் என்பதை மனவருத்தத்துடன் அறியத்தருகிறேன். பதிலாக 06.10.2025 திங்கட்கிழமை சந்திக்கலாம். அளித்தமைக்கு நன்றி."

ஒருக்கா வாசிச்சுப்போட்டு மேலை போய் இன்னொருக்கா வாசியுங்கோ. முதல் வாசிப்பிலை "கலந்துறையாடல்" எண்டதிலை "ற" பிழையா விழுந்தது கண்ணிலை பட்டிருக்கும். "முடியும்" எண்டு கிடக்கிறது எத்தினை பேருக்குப் பட்டுது? அங்கை "முடியாது" எண்டு வரவேணும். போனிலை ரைப் பண்ணேக்கை "முடி" எண்டு அடிக்க மேலை மூண்டு சொல்லு வரும், அதிலை விரல் படுறதிலைதான் இது நடக்கிறது. சொல்லு சரியான சொல்லு, வசனமும் இலக்கணப்படி சரி, கருத்து மட்டும் தலைகீழ். வாசிக்கிற அதிகாரி "மனவருத்தத்துடன்" எண்டதைப் பாத்து ஊகிக்கலாம், ஆனால் வாறவையின்ரை பேரைப் பட்டியல் போடுற கிளார்க் அந்த ஒரு சொல்லை மட்டும் பாத்து உங்கடை பேருக்கு நேரை சரி போட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கும் எண்ணிப்போடுவார்.

இனி மற்றதுகள். 25ஆம் திகதி வியாழன், மெயில்லை வெள்ளி எண்டு கிடக்கு. "கூட்டத்தில் கலந்துகொள்ள" எண்டால் எந்தக் கூட்டத்திலை? வசனத்திலை வந்த ஒரே கூட்டம் பயிர்ச்செய்கைக் கூட்டம்தான், அதிலைதான் கலந்துகொள்ளேல்லை எண்டு பிறத்தியாள் வாசிக்க இடமிருக்கு. பதிலா குடுத்த 2025 ஒக்டோபர் 6 திங்கள்தான், ஆனால் அண்டைக்குப் போயா, அரசாங்க ஒஃபிஸ் பூட்டு. கடைசியிலை "அழைத்தமைக்கு" எண்டது "அளித்தமைக்கு" ஆகியிட்டுது. இதுக்கெல்லாம் மேலை இன்னொரு பிழை, அது எழுத்திலை இல்லை, வைச்ச இடத்திலை இருக்கு, அதைப் பிறகு சொல்லுறன்.

இப்ப முறையளுக்கு வருவம்.

எழுதி முடிச்ச உடனை அதே ஸ்கிறீனிலை திருப்பி வாசிக்கிறது எல்லாரும் செய்யிறது. செலவு ஒண்டுமில்லை, பயனும் அவ்வளவுதான். நீங்கள் எழுதினதை உங்களுக்கு முதலே தெரியும், அதாலை கண் எழுத்தைப் பாக்காது, மண்டைக்குள்ளை இருக்கிறதைத்தான் வாசிக்கும். வரேலாது எண்டது உங்கடை மனசிலை உறுதியா இருக்கிறபடியால் "முடியும்" எண்டு கிடந்தாலும் "முடியாது" எண்டுதான் வாசிப்பியள். வெள்ளியும் அப்பிடித்தான், எழுதேக்கை வெள்ளி எண்டு நினைச்சவர் வாசிக்கேக்கையும் வெள்ளி எண்டுதான் நினைப்பார். மேலை இருக்கிற மெயில்லை இந்த முறையாலை பிடிபடக்கூடியது "ற" ஒண்டும், அதிட்டமிருந்தால் "அளித்தமைக்கு"வும்.

மெஷின் போடுற சிவப்புக் கோட்டை நம்புறது அடுத்தது. இங்கிலீஷுக்கு அது ஓரளவு வேலை செய்யும், தமிழுக்கு ஒவ்வொரு போனிலையும் ஒவ்வொரு மாதிரி, சிலதிலை கோடே வராது, சிலதிலை சரியா எழுதின சொல்லுக்கும் கோடு வரும், ஏனெண்டால் தமிழிலை ஒரு சொல்லோடை வேற்றுமையும் மற்றதும் ஒட்டி நீண்டு போறதை அதின்ரை பட்டியல் முழுக்கப் பிடிச்சு வைச்சிருக்கிறதில்லை. கோடு ஒழுங்கா வந்தாலும் என்ன, "முடியும்", "வெள்ளி", "அளித்தமைக்கு" எல்லாம் அகராதியிலை இருக்கிற சொல்லுகள். சொல்லு இருக்கோ இல்லையோ எண்டுதான் அது பாக்கும், நீங்கள் வாறியளோ இல்லையோ எண்டு அதுக்குத் தெரியாது. கோடு வந்தால் பாருங்கோ, வரேல்லை எண்டதை வைச்சு மெயில் சரி எண்டு மட்டும் எடுக்காதேங்கோ.

சத்தமா வாசிக்கிறது இதுகளை விடத் திறம். நீண்ட வசனத்திலை மூச்சு முட்டும், "கூட்டம் நடைபெறவுள்ளமையால் கூட்டத்தில்" எண்டு ரெண்டு கூட்டம் அடுத்தடுத்து வாறது காதிலை இடிக்கும். ஆனால் எழுதின ஆளே வாசிச்சால் வாய் பிழையைத் திருத்திக்கொண்டு போகும். கண் செய்யிற அதே வேலையை வாயும் செய்யுது. அதாலை வாசிக்கிற ஆள் மாறவேணும். பக்கத்திலை இருக்கிற ஆளிட்டைப் போனைக் குடுத்து, "அக்கா, இதை ஒருக்கா சத்தமா வாசியுங்கோவன்" எண்டு சொல்லிப்போட்டு நீங்கள் ஸ்கிறீனைப் பாக்காமல் கேளுங்கோ. அவவுக்குக் கதை தெரியாது, இருக்கிறதைத்தான் வாசிப்பா, "கலந்துகொள்ள முடியும்" எண்டு அவ சொல்லேக்கை உங்களுக்குத் திடுக்கிடும். ஆள் கிட்ட இல்லாட்டி, அன்ட்ரொயிட் போனிலை Select to Speak எண்டு ஒண்டு இருக்கு, தமிழ்க் குரலைப் போட்டு வைச்சால் அதுவும் வாசிக்கும், திகதி எண்களைக் கண்டபடி வாசிச்சாலும் சொல்லுகளை விடாமல் வாசிக்கும்.

ஆளிட்டைக் குடுக்கிறதிலையே இன்னொரு விதமும் இருக்கு, மனசுக்குள்ளை வாசிக்கவிட்டு அபிப்பிராயம் கேக்கிறது. இதிலை எப்பிடிக் கேக்கிறம் எண்டதிலைதான் எல்லாம் தங்கியிருக்கு. "அண்ணை, இது சரியோ?" எண்டு கேட்டால் அவர் மேலோட்டமாப் பாத்து "ஓம் ஓம், நல்லாத்தான் இருக்கு" எண்டுவார், அவரைக் குறை சொல்லேலாது, கேள்வி அப்பிடி. எந்த மீற்றிங், என்னத்தோடை இடிக்குது எண்டு விளங்கப்படுத்திப்போட்டுக் குடுத்தாலும் பிரயோசனமில்லை, நீங்கள் சொன்ன கதையை மனசிலை வைச்சுக்கொண்டுதான் அவர் வாசிப்பார், உங்கடை கண்ணுக்குத் தப்பினது அவரின்ரை கண்ணுக்கும் தப்பும். ஒண்டும் சொல்லாமல் குடுங்கோ, வாசிச்சு முடிய மெயிலை வாங்கி வைச்சுப்போட்டு மூண்டு கேள்வி கேளுங்கோ. இந்த ஆள் வாறாரோ இல்லையோ? எந்த நாள்? மெயில் கிடைச்ச ஆள் இனி என்ன செய்யவேணும்? இந்த மூண்டுக்கும் அவர் யோசிக்காமல் மறுமொழி சொன்னால் மெயில் சரி. "வாறார்போலை கிடக்கு, ஆனால் ஏன் மனவருத்தம்?" எண்டு கேட்டாரெண்டால் பிழை பிடிபட்டிட்டுது. எங்கடை பக்கத்து ஆளெண்டால் போயாவையும் அவரே சொல்லிப்போடவும் கூடும்.

இந்த முறைக்கு ரெண்டு இடத்திலை மறிப்பு இருக்கு. ரைப்செற்றிங் கடையிலை அடிச்சுக் குடுத்த தம்பியையே ரெண்டாம் ஆளா வைக்கேலாது, அவரும் அதை எழுதின ஆள்தான். மற்றது, வரேலாததுக்குக் காரணம் வழக்குத் தவணையோ கிளினிக்கோ வீட்டு அலுவலோ எண்டால் அதைப் பக்கத்து மேசை ஆளுக்குக் காட்டவேண்டிய அவசியமில்லை. பிழை பாக்கிறதுக்காக உங்கடை தனிப்பட்ட அலுவலை ஊருக்குத் திறந்து காட்டக்கூடாது. அப்பிடியான மெயில்லை காரணத்தை "முன்னரே ஏற்றுக்கொண்ட வேறொரு கடமை" எண்டு ஒரு வரியிலை விட்டாலே போதும், பிழையை நீங்களாப் பாக்கிற முறையைத்தான் எடுக்கவேணும்.

அந்த நீங்களாப் பாக்கிற முறைக்குள்ளை நான் முதலிடம் குடுக்கிறது, மெயிலைத் தனக்கே அனுப்பிப் போனிலை திறந்து பாக்கிறதுக்கு. எழுதேக்கை பாத்த அகலம், எழுத்தின்ரை அளவு, வரி முடியிற இடம் எல்லாம் மாறிப்போகும், கண் பழகின பாதையிலை ஓடேலாது, அதாலை எழுத்தைப் பாக்கத் தொடங்கும். கொம்பியூட்டரிலை அடிச்ச ஆக்களுக்கு இது இன்னும் முக்கியம். எங்கடை பக்கத்திலை கன ஒஃபிஸிலையும் கடையளிலையும் இன்னும் பாமினி எழுத்திலைதான் அடிக்கிறவை. வேர்ட்டிலை பாமினியிலை அடிச்சதை மெயில்லை ஒட்டினால் அந்தக் கொம்பியூட்டரிலை பாமினி இருக்கிறபடியால் சில நேரம் வடிவாத் தமிழாவே தெரியும், போய்ச் சேந்த இடத்திலை "அம்மா" எண்டது `mk;kh` எண்டு கிடக்கும். அந்தக் கொம்பியூட்டரிலை எத்தினை தரம் வாசிச்சாலும் இது தெரியாது, போனிலை திறந்தால் ஒரு செக்கனிலை தெரியும். அப்பிடி வந்தால் யூனிகோட்டுக்கு மாத்தி ஒட்டவேணும்.

முதல் சொல்லாமல் விட்ட பிழையும் இதிலைதான் தெரியவரும். உங்களுக்கே வந்த மெயிலைத் திறக்க முதல் இன்பொக்ஸ் பட்டியலிலை அது எப்பிடிக் கிடக்கெண்டு பாருங்கோ. தலைப்பும் முதல் வரியிலை கொஞ்சமும்தான் தெரியும். மேலை இருக்கிற மெயில் அங்கை "தங்கள் அழைப்பு கிடைக்கப்பெற்றேன், மிக்க மகிழ்ச்சி" எண்டு நிக்கும். ஒரு நாளைக்கு நூறு மெயில் பாக்கிற அதிகாரி அதோடை விளங்கிக்கொள்ளுறது என்ன? ஆள் வாறார். நாங்கள் மரியாதைக்கு முதல் மூண்டு வரியை நன்றியும் புகழ்ச்சியுமா எழுதுறம், தமிழ் வசனத்திலை வினை கடைசியிலை வாறபடியால் "முடியாது" எண்டது அந்த நீண்ட வசனத்தின்ரை வாலிலை போய் ஒளிச்சுக்கொள்ளுது. மரியாதையைக் குறைக்கச் சொல்லேல்லை, நன்றியைக் கடைசிக்குக் கொண்டு போங்கோ, வரேலாது எண்டதை முதல் வசனமாக்குங்கோ, தலைப்பிலையே தெரியப்பண்ணுங்கோ.

இதைச் செய்யிற விதத்திலை ஒரு கவனம். தனக்கு அனுப்பினதைத் திருத்திப்போட்டு அதையே அவைக்கு ஃபோர்வேட் பண்ணக்கூடாது, தலைப்பிலை `Fwd:` எண்டு ஏறி உங்கடை பேரும் நேரமும் மேலை ஒட்டிக்கொண்டு போகும். அவை அனுப்பின அழைப்புக்கு றிப்ளையைத் திறந்து எழுதி ட்ராஃப்டா விடுங்கோ, எழுதினதை மட்டும் கொப்பி பண்ணிப் புது மெயில்லை உங்களுக்கு அனுப்பிப் பாருங்கோ, திருத்தத்தை அந்த ட்ராஃப்டிலை செய்யுங்கோ. றிப்ளை எண்டால் வந்த தலைப்புத்தான் வரும், அதை மாத்தவேணும். மாத்தினால் சில இடத்திலை புது மெயில் மாதிரித் தனியா நிக்கும், கீழை அவையின்ரை அழைப்பு ஒட்டிக்கொண்டு போகும் எண்டபடியால் அதாலை நட்டமில்லை. அனுப்பேக்கை `Reply all` அமத்துப்பட்டுதோ எண்டும் பாக்கவேணும், அழைப்பு நாற்பது அமைப்புக்குப் போயிருந்தால் நீங்கள் வராதது நாற்பது பேருக்கும் போகத் தேவையில்லை.

ஆனால் போனிலை பாத்தாலும் "வெள்ளி" பிடிபடாது. போயாவும் பிடிபடாது. மெயிலை மட்டும் வைச்சுக்கொண்டு எத்தினை விதமா வாசிச்சாலும் இந்த ரெண்டும் தப்பும், ஏனெண்டால் பிழை மெயிலுக்குள்ளை இல்லை, மெயிலுக்கும் வெளியாலை இருக்கிற கடதாசிக்கும் இடையிலை இருக்கு. அதுக்கு ஒத்துப் பாக்கிறது ஒண்டுதான் வழி. அழைப்பைத் திறந்து வைச்சு திகதி, கிழமை, நேரம், இடம், அனுப்பினவரின்ரை பேரும் பதவியும், இதுகளை ஒவ்வொண்டா விரல் வைச்சுப் பாருங்கோ. மற்றக் கூட்டத்தின்ரை கடிதத்தையும் எடுங்கோ, ரெண்டும் உண்மையிலை இடிக்குதோ எண்டதும் அப்பதான் தெரியும். சில நேரம் ஒண்டு காலமை மற்றது பின்னேரம், ஏ9 றோட்டாலை கிளிநொச்சியிலை இருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர நேரமிருக்கும், மறுக்கவே தேவையில்லாமல் போகும். பதில் நாள் குடுக்கிறதெண்டால் சுவரிலை தொங்கிற கலண்டரைப் பாத்துக் குடுங்கோ, போயா அதிலை போட்டிருக்கும். வெளிநாட்டுச் சங்கக்காரர் சூமிலை வைக்கிற மீற்றிங் எண்டால் நேரத்தையும் பாருங்கோ, லண்டனுக்கும் எங்களுக்கும் கோடையிலை நாலரை மணித்தியாலம், ஒக்டோபர் கடைசி ஞாயிறிலை இருந்து ஐஞ்சரை, அதாலை போன மாதம் இடிக்காத நேரம் இந்த மாதம் இடிக்கும்.

அப்ப எதை எடுக்கிறது? சாதாரண மெயிலுக்கு நான் சொல்லுறது, அழைப்போடை ஒத்துப் பாத்து, தனக்கு அனுப்பிப் போனிலை பாக்கிறது. ரெண்டுக்கும் சேத்து ஐஞ்சு நிமிசம். ரெண்டும் வேறை வேறை பிழையைப் பிடிக்கிறபடியால் ஒண்டை விட்டு மற்றதைச் செய்யிறதிலை காரியமில்லை. ஜீ.ஏ.க்கோ காசு தாற நிறுவனத்துக்கோ போற மெயில் எண்டால் மேலதிகமா ஒரு ஆளைக் கொண்டு வாசிப்பிச்சு அந்த மூண்டு கேள்வியையும் கேளுங்கோ. நேரமே இல்லை, பஸ்சுக்குள்ளை நிண்டு அடிக்கிறியள் எண்டால் ஒத்துப் பாக்கிறதை மட்டும் விடாதேங்கோ. "ற" பிழைச்சால் விளங்கிக்கொள்ளுவினம், திகதி பிழைச்சால் விளங்கிக்கொள்ள வழியில்லை.

அந்த மெயில் இப்பிடிப் பாத்தாப் பிறகு எப்பிடி வரும் எண்டு கீழை போடுறன். பயிர்ச்செய்கைக் கூட்டம் காலமை 9 மணிக்கு எண்டு வைச்சிருக்கிறன்.

"பொருள்: 25.09.2025 கலந்துரையாடல் – சமூகமளிக்க முடியாமை.

மதிப்பிற்குரிய ஐயா, 25.09.2025 வியாழக்கிழமை மு.ப. 9.30க்கு யாழ்ப்பாணத்தில் நடைபெறும் விதை உற்பத்திக் கலந்துரையாடலில் என்னால் கலந்துகொள்ள முடியாது என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறேன். அதே நாள் மு.ப. 9.00க்கு கிளிநொச்சியில் காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடைபெறுகின்றது. எமது அமைப்பின் செயலாளர் என்ற வகையில் நான் அங்கு இருக்கவேண்டியுள்ளது. தாங்கள் சம்மதித்தால் எமது பொருளாளர் எனக்குப் பதிலாகக் கலந்துரையாடலுக்கு வருவார். அவரது பெயரைப் பதிவுசெய்யலாமா என 22ஆம் திகதிக்கு முன் அறியத்தரவும். எம்மை அழைத்தமைக்கு மிக்க நன்றி."

ரெண்டு நிகழ்வையும் ரெண்டு சொல்லாலை பிரிச்சிருக்கிறன், ஒண்டு எப்பவும் கலந்துரையாடல், மற்றது எப்பவும் கூட்டம். வேறை நாளிலை சந்திக்கலாம் எண்டதை எடுத்துப்போட்டன், பல பேர் வாற நிகழ்வை ஒருவருக்காக மாத்தச் சொல்லிற மாதிரி அது கிடந்தது. தனியச் சந்திப்பெண்டால் பதில் நாள் குடுக்கிறது முறை, கன பேர் வாற கூட்டத்துக்கு ஆள் அனுப்பிறதுதான் உதவி.

கூகிள் கலண்டராலை வந்த அழைப்பெண்டால் அதிலை இருக்கிற `No`வையும் அமத்துங்கோ. மெயில்லை வரேலாது எண்டு எழுதிப்போட்டு அங்கை முதல் அமத்தின `Yes` அப்பிடியே கிடந்தால், கூட்டம் வைக்கிற ஆள் கலண்டரைத்தான் எண்ணுவார்.

ஜிமெயில் பாவிக்கிறவைக்கு ஒரு சின்ன உதவி, கொம்பியூட்டரிலை செற்றிங்ஸுக்குள்ளை `Undo Send` எண்ட இடத்திலை 5 செக்கன் எண்டு கிடக்கிறதை 30 ஆக்கி விடுங்கோ. அனுப்பின உடனைதான் கன பிழை கண்ணிலை படும், 30 செக்கன் இருந்தால் இழுத்தெடுக்கலாம். அந்த 30 செக்கனும் போனாப் பிறகுதான் "முடியும்" எண்டு கிடந்ததைக் கண்டியள் எண்டால், ரெண்டாவது மெயில்லை விளக்கமும் மன்னிப்புமா எழுதாமல், தலைப்பிலை "திருத்தம்: 25.09.2025 கலந்துரையாடலுக்கு வர முடியாது" எண்டு போட்டு உள்ளுக்கும் அதே ஒரு வரியை எழுதி அனுப்புங்கோ, கலந்துரையாடலுக்கு ரெண்டு நாள்தான் கிடக்கெண்டால் மெயிலோடை நிக்காமல் அந்த ஒஃபிஸுக்கு ஒரு கோலும் எடுத்துச் சொல்லிவிடுங்கோ.